ராஜினாமாக் கடிதமும் பதினேழு மாதமும்

2018 பொங்கல். மாட்டுப் பொங்கலுக்குச் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் சாய்ந்திருந்தேன். என் மனைவியின் தம்பி மகன் உள்ளே வந்தான். பெங்களூரில் மென்பொருள் எஞ்சினியர். கையில் ஒரு தாள்.

"ஏனுங்க மாமா, இதக் கொஞ்சம் பாருங்க. நீங்க ஆபீஸ்ல எத்தன லெட்டர் எழுதியிருப்பீங்க."

வாங்கிப் பார்த்தேன். ராஜினாமாக் கடிதம். ஒன்றரைப் பக்கம், ஆங்கிலத்தில். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவிக்கு விஷயம் புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "உங்கப்பனுக்குத் தெரியுமாடா?" என்றாள். தெரியாது. அதனால்தான் முதலில் இங்கே வந்திருக்கிறான்.

புதுவை அரசில் முப்பத்தெட்டு ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுக் கோப்புகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான உடுமலைக்கு வந்து சேர்ந்தேன். கடிதத்தில் முதலில் என் கண் போவது தேதிக்கு. அப்புறம்தான் விஷயம். அன்றைக்கும் அப்படித்தான்.

ஜனவரி 22ஆம் தேதி கடிதம் கொடுப்பது, மூன்று மாத நோட்டீஸ் முடிந்து ஏப்ரல் 20ஆம் தேதி வெளியேறுவது என்று எழுதியிருந்தான். "எப்ப சேந்தே?" என்று கேட்டேன். 2013 ஆகஸ்ட் 1. விரல் விட்டு எண்ணினேன். நான்கு வருடம், எட்டு மாதம், இருபது நாள்.

"கிராஜுவிட்டி?"

அவன் விழித்தான். சம்பளச் சீட்டில் அப்படி ஒரு வரி வருவதைப் பார்த்திருக்கிறான், அது என்ன என்று யோசித்ததில்லை. அப்போது நடப்பில் இருந்த 1972ஆம் வருடச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்தவர் தானாகவே விலகினாலும் பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, எத்தனை ஆண்டுகளோ அத்தனையால் பெருக்க வேண்டும். இவனுடைய அடிப்படைச் சம்பளம் 40,000. ஐந்து ஆண்டுக்கு 1,15,384 ரூபாய் வருகிறது. ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998இல் சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லாக் கம்பெனியும் அதை வாதமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்று நம்ப முடியாது. தொழில் தொடங்கப் போகிறவனுக்கு லேபர் கமிஷனர் ஆபீஸ் படியேற நேரம் ஏது? மூன்றரை மாதம் பொறுத்துப் போனால் வழக்கே வேண்டாம்.

"மே 4 வெள்ளிக்கிழமை குடு. தொண்ணூறு நாள் ஆகஸ்ட் 2ஆம் தேதி முடியும். அஞ்சு வருசம் ஜூலை 31லயே பூர்த்தி" என்றேன்.

அவனுக்கு முகம் வாடிவிட்டது. மனம் வெளியேறிவிட்டபின் நாற்காலியில் உட்காருவது கஷ்டம்தான். எனக்கு அது தெரியும். ஏன் தெரியும் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

அவன் தொடங்க நினைத்த தொழில் தேங்காய்க் களங்களுக்கான கணக்கு மென்பொருள். நம் பக்கம் தேங்காய்க் களம் தெரியாதவர் யார்? ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு சிக்கல் என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தேங்காய் எண்ணிக்கையில் வருகிறது, பருப்பு எடையில் போகிறது. உரிப்புக் கூலி ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று. காய வைக்கும்போது ஈரம் போய் எடை குறைகிறது. எவ்வளவு குறையலாம், எவ்வளவு குறைந்தால் திருட்டு என்பது களத்துக்காரரின் அனுபவத்தில் இருக்கிறது, நோட்டில் இல்லை. அதை நோட்டில் கொண்டுவருவதுதான் இவன் திட்டம். யோசனை எனக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் பிடித்திருக்கிறது என்று உடனே சொல்லவில்லை.

"எவ்வளவு சேத்து வெச்சிருக்கே?"

"ஒம்பது லட்சமுங்க மாமா. ஊருக்கு வந்துட்டா வீட்டு வாடகை இல்ல. மாசம் இருபத்திரண்டாயிரம் போதும். நாப்பது மாச ரன்வே இருக்குதுங்க."

ரன்வே என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் அந்த அர்த்தத்தில் கேட்டேன். விமானம் மேலே எழும்புவதற்குள் தரை தீர்ந்துவிடக் கூடாது. வருமானம் வருவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடக் கூடாது. அதுதானாம். சூலூர் விமானப்படைத் தளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பழைய நோட்டு ஒன்றை எடுத்து வரச் சொல்லி, மாதக் கணக்கை விட்டுவிட்டு வருடக் கணக்கை எழுதச் சொன்னேன். மாதா மாதம் வராத செலவுகள் மட்டும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் 40,000. எல்.ஐ.சி. பிரீமியம் 36,000. இதுவரை கம்பெனி கட்டிவந்த மருத்துவக் காப்பீட்டை இனி சொந்தமாகக் கட்ட 20,000. வண்டி இன்சூரன்ஸ், வீட்டு வரி, ரிப்பேர் என்று 14,000. கடைசி வரியை என் மனைவி வந்து சொன்னாள்: "மொய், சீர், தீபாவளித் துணி, கோயில் நோம்பி. இதெல்லாம் யாரு குடுப்பாங்க?" அது 34,000. கூட்டினால் 1,44,000. மாதத்துக்கு 12,000. ஆக அவனுடைய இருபத்திரண்டாயிரம் உண்மையில் முப்பத்து நான்காயிரம். நாற்பது மாதம் இருபத்தாறாகச் சுருங்கியது.

அடுத்து, ஒன்பது லட்சத்தில் தொழிலுக்கு என்ன எடுப்பாய் என்று கேட்டேன். கம்ப்யூட்டர், பதிவுச் செலவு, களம் களமாக அலைய பெட்ரோல், எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் என்றான். விவசாயி விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் ஒரே குதிரில் போடுவதில்லை. இரண்டு லட்சத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொன்னேன். வயதான பெற்றோர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கென்று ஒரு லட்சத்தைத் தொடாத வைப்புத்தொகையாகப் போடச் சொன்னேன். மீதி ஆறு லட்சம். முப்பத்து நான்காயிரத்தால் வகுத்தால் பதினேழரை மாதம்.

திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாற்பது மாதம் என்று உள்ளே வந்தவன், பதினேழு மாதத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"பி.எஃப். இருக்குதுங்களே மாமா" என்றான். அப்போதைய விதிப்படி இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தால் எடுக்க முடிந்ததுதான். ஐந்து ஆண்டு முடியாமல் எடுத்தால் வருமான வரி வேறு. அதைக் கணக்கிலேயே சேர்க்காதே, இருக்கிறது என்பதையே மறந்துவிடு என்றேன். எடுக்கலாம் என்று மனதில் இருந்தால் செலவு அதற்கேற்றபடி வளரும்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை, இந்தப் பக்கத்தைப் படிக்கிற பெற்றோருக்கு இது பயன்படும். கம்பெனிக் காப்பீடு கடைசி வேலை நாளோடு போய்விடும். சொந்தப் பாலிசி எடுத்தால் விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் முப்பது நாள் பணம் தரமாட்டார்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் போகும். அதனால் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, சம்பளம் வரும்போதே பாலிசி எடுத்துவிட வேண்டும். அவன் பிப்ரவரியில் எடுத்தான்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். ஒன்றரைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தான்? சிறு வயதுக் கனவு ஒரு பத்தி. கம்பெனியில் கற்றுக்கொண்டதற்கு நன்றி ஒரு பத்தி. பதவி உயர்வு தராத மேலாளரைப் பற்றி, பெயர் சொல்லாமல், ஒரு பத்தி. தான் தொடங்கப்போகும் தொழிலின் விவரம் ஒரு பத்தி. கடைசியில், தொழில் சரிவராவிட்டால் திரும்பி வர வாய்ப்பு தருவீர்கள் என நம்புகிறேன் என்று ஒரு வரி.

சிவப்பு மை எடுத்தேன். நான் படித்த பள்ளியில் ராஜினாமாக் கடிதத்தை 'ழே லொனோர்' என்று தொடங்கச் சொல்லித்தருவார்கள். 'என் ராஜினாமாவைத் தங்களிடம் சமர்ப்பிக்கும் கௌரவம் எனக்குக் கிடைத்திருக்கிறது' என்று பொருள் வரும். வேலையை விடுவதில் என்ன கௌரவம் என்று சிறுவயதில் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின் பிரெஞ்சுக்காரன் காரணம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தேதி, வழக்கமான மரியாதை வரி, கையெழுத்து, அவ்வளவுதான். நம் அரசாங்க விதியும் அதையே கேட்கிறது. ராஜினாமா தெளிவாகவும் நிபந்தனையில்லாமலும் இருக்க வேண்டும். 'இப்படி நடந்தால்', 'அப்படி இல்லாவிட்டால்' என்று ஒரு சொல் வந்தாலும் அது ராஜினாமா இல்லை, விண்ணப்பம். திரும்பி வரும் ஆசையை முதலில் அடித்தேன். மேலாளரைப் பற்றிய பத்தியையும் அடித்தேன். அந்தக் கடிதம் ஆள் போனபின்னும் கோப்பில் இருக்கும். எனக்கு முன் இருந்தவர்கள் கோபத்தில் எழுதிய குறிப்புகளை இருபது வருடம் கழித்து நான் படித்திருக்கிறேன். கோபம் புரியாது, எழுதியவர்தான் சின்னவராகத் தெரிவார்.

தொழில் விவரத்தையும் அடித்தபோது அவன் மறுத்தான். "மறைக்கற மாதிரி இருக்காதுங்களா?" நல்ல கேள்வி. யாராவது நேரில் கேட்டால் உண்மையைச் சொல், ஆனால் கடிதத்தில் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்றேன். பிறகு, அவன் கையெழுத்துப் போட்ட பணி ஒப்பந்தத்தைக் கேட்டேன். கைபேசியில் இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தேன். இரண்டு இடம் முக்கியம். வேலையை விட்ட பிறகு ஒரு வருடம் இதே போன்ற தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வரி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27இன்படி, விலகியபின் ஒருவன் தொழில் செய்வதைத் தடுக்கும் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது. அதற்குப் பயப்பட வேண்டாம். இன்னொரு வரிக்குப் பயப்படத்தான் வேண்டும். வேலையில் இருக்கும் காலத்தில், கம்பெனிச் சாதனத்தில் எழுதும் எதுவும் கம்பெனிக்குச் சொந்தம்.

"நீ ஏதாச்சும் எழுதிட்டியா?"

தலையைக் குனிந்துகொண்டான். சனி, ஞாயிறுகளில், கம்பெனி மடிக்கணினியில், மூன்று மாதமாக எழுதியிருக்கிறான். களக் கணக்கின் பாதி முடிந்துவிட்டதாம்.

என்ன சொல்வது? நான் அரசாங்கப் பேப்பரில் சொந்தக் கடிதம் எழுதாதவன் என்று பெருமை பேசலாம். பேசவில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு, ஆகஸ்ட் 3ஆம் தேதி சொந்தக் கம்ப்யூட்டரில் முதல் வரியிலிருந்து தொடங்கு என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் அப்படியே செய்தான். இரண்டாம் முறை எழுத ஐந்து வாரம்தான் ஆயிற்று என்றும், முதலில் எழுதியது தப்புத் தப்பாக இருந்ததாகவும் பிற்பாடு சொன்னான்.

மிஞ்சிய கடிதம் நான்கு வாக்கியம். தமிழில் சொன்னால் இப்படி: 'நான் வகிக்கும் பதவியிலிருந்து இதன்மூலம் ராஜினாமா செய்கிறேன். என் பணி ஒப்பந்தப்படியான தொண்ணூறு நாள் முன்னறிவிப்பின்படி, என் கடைசி வேலை நாள் 2018 ஆகஸ்ட் 2. அதற்குள் என் பொறுப்பில் உள்ள பணிகளை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கிடைத்ததற்கு ஒப்புதல் தரவும்.' நன்றி என்று ஒரு சொல் வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். சேர்த்துக்கொண்டோம்.

கடைசி வாக்கியத்தை நான் விடவே மாட்டேன். தபாலில் முத்திரை இல்லாத கடிதம் கடிதமே இல்லை. இப்போது மின்னஞ்சல் காலம். மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் மட்டும் போதாதாம், கம்பெனியின் உள் இணையதளத்திலும் பதிய வேண்டுமாம். பதிந்த நாளிலிருந்துதான் அவன் கம்பெனியில் தொண்ணூறு நாள் எண்ணுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொன்னேன்.

அவன் போனபின் பெரிய ஆட்கள் எப்படி விட்டார்கள் என்று தேடிப் படித்தேன். நாராயண மூர்த்தி 1981இல் பட்னி கம்ப்யூட்டர்ஸ் வேலையை விட்டு, கூட வேலை செய்தவர்களோடு ஏழு பேராக இன்ஃபோசிஸ் தொடங்கியபோது கையில் இருந்தது மனைவி சுதா கொடுத்த பத்தாயிரம் ரூபாய். இதை எல்லாரும் சொல்வார்கள். சுதா மூர்த்தி எழுதியிருப்பதைப் படித்தால் இன்னொன்று தெரிகிறது: மூன்று வருடம் குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் அவர் சொன்னார். பத்தாயிரம் விதைநெல், அந்த மூன்று வருடம் சாப்பாட்டு நெல். அதற்கு முன் மூர்த்தி சாஃப்ட்ரானிக்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கி, அது ஓடாமல், வேலைக்குத் திரும்பியவர்தான். திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னை ஜோஹோவில் நல்ல பதவியை விட்டு, ஷான் கிருஷ்ணசாமியோடு ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். வெளியார் பெரிய முதலீடு வந்தது 2011 இறுதியில். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் மணியடித்ததைத்தான் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அந்த இடைப்பட்ட முதல் வருடத்தில் வீட்டு மளிகைக்கு என்ன செய்தார்கள் என்பதை யாராவது எழுதினால் எனக்குப் படிக்க ஆசை.

இப்போது என் கதை. 1980இல் நானும் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதினேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம். பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் பென்ஷன் பேப்பர்கள் என்று மொழிபெயர்ப்பு வேலை எப்போதும் உண்டு. ஒரு தட்டச்சு இயந்திரமும் ஒரு சிறு அறையும் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். என்னிடம் சேமிப்பு 2,400 ரூபாய். மாதச் செலவு நானூறு. ஆறு மாதம்.

பத்து ஆண்டுகூட முடியாத சேவை. மத்திய அரசு ஓய்வூதிய விதிகள் 1972இல் 26ஆவது விதி இருந்ததே, அதை நான் மனப்பாடமாகச் சொல்வேன்: ராஜினாமா செய்தால் முந்தைய சேவை முழுவதும் பறிபோகும். இருபது வருடம் இருந்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு பெற்றால் பென்ஷன் உண்டு. இரண்டும் வேலையை விடுவதுதான். காகிதத்தின் தலைப்பில்தான் வித்தியாசம். கடிதத்தை மேசை டிராயரில் வைத்தேன். இருபது வருடம் ஆகட்டும் என்று நினைத்தேன். ஆனபோது இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள், நினைப்பு போய்விட்டிருந்தது. இன்று மாதம் முதல் தேதி பென்ஷன் வருகிறது. செய்தது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் மருமகனின் கணக்கில் நான் அவ்வளவு சிவப்பு மை அடித்ததில் என் டிராயர் கொஞ்சம் இருந்ததோ என்று அன்று ராத்திரி தோன்றியது. மனைவியிடம் கேட்டேன். "தூங்குங்க" என்றாள்.

அவன் ஆகஸ்டில் வந்தபோது, கூடுதலாக வேலை செய்த மாதங்களில் சேர்த்தது 1,30,000, கிராஜுவிட்டி 1,15,000. ஆறு லட்சம் 8,45,000 ஆகியிருந்தது. இருபத்து நான்கு மாதம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட வைத்தேன். ஆறு மாதச் செலவு, அதாவது 2,04,000 மட்டும் மிஞ்சும் நாளில் வேலை தேடத் தொடங்க வேண்டும். பணம் தீர்ந்தபின் தேடக் கூடாது. தேடி, தேர்வு எழுதி, சேர்ந்து, முதல் சம்பளம் வாங்க மூன்று நான்கு மாதம் ஆகும்.

முதல் களத்துக்காரர் காசு கொடுத்தது ஏழு மாதம் கழித்து, 2019 மார்ச்சில். அதுவரை எல்லாரும் நல்லா இருக்குதுங்க தம்பி என்றார்கள், பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் கையில் பதினொரு மாதத்துக்கு இருந்தது. வருமானமும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. களங்கள் மூடிக் கிடந்தன. திறந்த பிறகும் கணக்கு மென்பொருளுக்குப் பணம் தர யாருக்கும் மனமில்லை. 2020 ஆகஸ்ட் முதல் வாரம், சரியாக இரண்டு வருடத்தில், நோட்டோடு வந்தான். கோடு வந்துவிட்டது.

இன்னும் இரண்டு மாதம் பார்க்கிறேனுங்க என்று கேட்பான் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அன்றே விண்ணப்பம் போடத் தொடங்கிவிட்டான். வீட்டிலிருந்தே வேலை என்ற காலம் அது. உடுமலையில் உட்கார்ந்தபடி ஒரு கம்பெனிக்குப் பகுதி நேர ஒப்பந்த வேலை எட்டு மாதம் செய்தான். காலையில் அது, மாலையில் களம். அவன் மனைவி அந்த எட்டு மாதத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுவதில்லை.

இப்போது அவனிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். பல்லடம் ரோட்டில் ஒரு மாடி அறை. போன மாதம் ஒரு தாளோடு வந்தான். அவனிடம் முதலில் சேர்ந்த பையன் ராஜினாமாக் கொடுத்திருக்கிறான். சொந்தமாக ஏதோ செய்யப்போகிறானாம்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டேன். நான்கு வாக்கியம். நன்றி என்று ஒரு சொல். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவில்லை.

"நோட்டீஸ் எத்தன நாள் வெச்சிருக்கே?" என்றேன்.

"முப்பதுதானுங்க மாமா" என்றான்.